பென்ஷன் நின்றுவிடும் என்று போன் வந்ததா? ஒரு டீச்சரின் கதையும் அடிக்கடி வரும் கேள்விகளும்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உதவி மேசையில் வாரம் இரண்டு நாள் உட்காருகிறேன். நேரில் வருகிறவர்களும் போனில் பிடிப்பவர்களும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை, அவர் சம்மதத்தோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டு இங்கே எழுதியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே. தமிழ்நாடு அரசின் கருவூலம் வழியாகப் பென்ஷன் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

சார், "இன்னைக்குள்ள பண்ணலைன்னா பென்ஷன் கட்"னு போன் வருது. நிஜமா பொய்யா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

போன் பொய். ஆனால் உயிரோடு இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒருமுறை காட்டும் உங்கள் நேர்காணல் பாக்கியில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் கருவூலத்தில்தான் இருக்கிறது. டீச்சர் கதையில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்ததுதான் விசேஷம்.

டீச்சருக்கு என்னதான் நடந்துச்சு? ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க.

ஜூலை மாதம், மதியச் சாப்பாடு முடிந்து சற்றுச் சாயலாம் என்று இருந்த நேரத்தில் போன். நல்ல தமிழ், மரியாதையான குரல்.

"மேடம், வணக்கம். பென்ஷன் டிபார்ட்மென்ட்ல இருந்து பேசறோம். உங்க லைஃப் சர்டிபிகேட் இந்த வருஷம் சிஸ்டத்துல ஏறலை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடுறாங்க. அதுக்குள்ள அப்டேட் பண்ணலைன்னா அடுத்த மாசம் பென்ஷன் வராது."

டீச்சர் பதறவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வீட்டுக்காரர் இல்லை, மகள் வெளியூரில், மாத மருந்துச் செலவு முழுக்க இந்தப் பென்ஷனில் ஓடுகிறது. ஆனாலும் வகுப்பில் ஒருவன் விடையை மட்டும் எழுதிக் கொண்டுவந்தால் வழியைக் கேட்டுப் பழகியவர் ஆயிற்றே.

"நான்தான் ஜூன்லயே ஆன்லைன்ல பண்ணிட்டேனே தம்பி. மெசேஜ்கூட வந்துச்சே."

"அது ரிஜெக்ட் ஆயிடுச்சு மேடம்."

"அப்படியா? என் பி.பி.ஓ. நம்பர் என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

பென்ஷன் ஆணையின் எண்ணான அதை அவன் தடங்கல் இல்லாமல் சொன்னான். பணம் வரும் வங்கியின் பெயரையும், ஓய்வு பெற்ற தேதியையும் சேர்த்தே சொன்னான். டீச்சருக்கு அந்த இடத்தில்தான் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குள் வாட்ஸ்அப்பில் `Life_Certificate.apk` என்று ஒரு கோப்பு வந்து விழுந்தது. "அதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணுங்க மேடம், கேக்கறதுக்கெல்லாம் அலவ் குடுங்க, ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க, முடிஞ்சிது வேலை."

டீச்சர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். அந்த இடைவெளியில் யோசனை வந்தது.

"எனக்கு இந்த போன்ல நோண்டறதெல்லாம் சரியா வராதுப்பா. ஆபீஸ் இங்கேதானே இருக்கு? நானே நேர்ல வந்துடறேன். எந்த செக்‌ஷன்ல வந்து உங்களைப் பார்க்கணும்?"

அதுவரை நிதானமாகப் பேசியவன் அவசரப்பட்டான். நேரில் வரத் தேவையில்லை, வந்தாலும் இன்று பார்க்க மாட்டார்கள், சர்வர் வேலை செய்யவில்லை, ஆன்லைனில் மட்டும்தான் முடியும் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். சர்வர் வேலை செய்யாதபோது ஆன்லைனில் மட்டும் எப்படி முடியும் என்று டீச்சர் கேட்டார். குரல் தடித்தது. "அப்ப பென்ஷன் நின்னா எங்களைக் கேக்கக் கூடாது மேடம்" என்றான்.

"கேக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்குக் கருவூலத்தில் இருந்தார்.

பி.பி.ஓ. நம்பரைச் சரியா சொன்னானே சார், அப்ப உள்ளே இருக்கிற ஆளாத்தானே இருக்கணும்?

இதை நினைத்துத்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். நம் விவரம் எதிராளிக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவர் அரசு அலுவலர் என்பதற்குச் சாட்சி ஆகாது. பி.பி.ஓ. புத்தகத்தின் முதல் பக்கத்தை எத்தனை இடத்தில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வங்கிக் கடன், மருத்துவக் காப்பீடு, வருமான வரி, சங்க உறுப்பினர் படிவம், இணைய சேவை மையம். ஜெராக்ஸ் கடையின் கணினியிலேயே நகல் தங்கிப் போவதும் உண்டு. டீச்சருடைய விவரம் எங்கிருந்து கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மத்திய அரசின் ஓய்வூதியக் கணக்கு அலுவலகமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பி.பி.ஓ. எண், ஆதார் எண், மாதப் பென்ஷன் தொகை, வாரிசுதாரர் பெயர் வரை கையில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆட்கள் பேசுகிறார்கள். உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்கச் சொல்லி அலுவலகத்தில் இருந்து யாரும் போன் செய்வதில்லை, போனிலேயே புதுப்பித்துத் தருவதும் இல்லை என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம்.

ஆகவே அவனுக்கு என்ன தெரியும் என்று சோதிக்காதீர்கள். நம்மிடம் என்ன கேட்கிறான் என்று பாருங்கள். ஓ.டி.பி. கேட்டால், கோப்பை நிறுவச் சொன்னால், திரையைப் பகிரச் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இதைவிடச் சுலபமான சோதனை டீச்சர் செய்ததுதான். நேரில் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான அலுவலர் யாராக இருந்தாலும் "சரிம்மா, வாங்க" என்பார், அவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. நேரில் வராதே என்று தடுப்பவனுக்கு மட்டும்தான் அதில் ஏதோ கெடுகிறது.

அந்த ஃபைலை அவங்க திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வருவதால் போன் முதலில் எச்சரிக்கும். அதைத் தாண்டவைக்கத்தான் "அலவ் குடுங்க" என்று கூடவே ஒருவன் பேசிக்கொண்டிருக்கிறான். ஏறியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவனுக்குப் போய்விடலாம். அதற்கப்புறம் நீங்கள் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையே இல்லை.

கோப்பு வாட்ஸ்அப்பில் வந்து கிடப்பதால் மட்டும் ஆபத்தில்லை, தொட்டு நிறுவினால்தான் வினை. டீச்சர் அதைத் தொடவில்லை, அழிக்கவும் இல்லை. மறுநாள் எங்களிடம் காட்டிவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அழித்தார்.

ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள் முதலில் போனின் இணையத்தை அணைத்துவிடுங்கள், சிம்மையும் கழற்றிவிடுங்கள். வங்கிக்கு வேறொரு போனிலிருந்து பேசி, இணையச் சேவையையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். செயலியை நீக்குவது அதற்குப் பிறகு. சில செயலிகள் நீக்கிய மாதிரி நடிக்கும், எனவே தெரிந்தவரிடம் கொடுத்து போனையே முழுதாக அழித்துப் புதிதாக அமைத்துக்கொள்வது நல்லது.

இதுக்குப் போய் நேர்ல அலையணுமா? ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா போதாதா?

போதும், எண் சரியானதாக இருந்தால். பழைய கடிதத்திலோ அரசின் தளத்திலோ இருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களே கூப்பிட்டால் தப்பில்லை. பிரச்சினை என்னவென்றால், பலர் கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணை அழுத்துகிறார்கள். அங்கேயும் மோசடி எண்களைப் போட்டு வைக்கிறார்கள். வந்த எண்ணுக்கே திருப்பிக் கூப்பிட்டு "நீங்க கருவூலம்தானே?" என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

இன்னொரு காரணமும் உண்டு. போனில் "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று ஒருவர் பொதுவாகச் சொல்லிவிடலாம். திரையைத் திறந்து உங்கள் பி.பி.ஓ. எண்ணை அடித்துப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள் எதிரில் நிற்கும்போதுதான் நடக்கும். நடக்க முடிகிறவர்கள் நேரில் போவதே மேல் என்பது என் கருத்து. எங்கள் சங்கத்திலேயே இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

கருவூலத்துல என்ன சொன்னாங்க?

கதையின் ருசியான பகுதி இது.

டீச்சர் பி.பி.ஓ. புத்தகம், வங்கிப் பாஸ்புக், ஆதார் அட்டை, போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருந்தார். ஓய்வூதியப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் போன் விஷயத்தைக் கேட்டதுமே, "நாங்க யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம்மா, ஓ.டி.பி. எதுவும் சொல்லிடலையே?" என்றார். இல்லை என்றதும் அவருக்கே நிம்மதி. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"அதெல்லாம் சரிம்மா. என் சர்டிபிகேட் வந்திருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அலுவலர் எண்ணை அடித்துப் பார்த்தார். திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார்.

"இந்த வருஷத்து நேர்காணல் பதிவாகலையேம்மா. பெண்டிங்னு காட்டுது."

டீச்சர் போனை எடுத்து, ஜூன் மாதம் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினார். மின்னணு உயிர்வாழ் சான்று உருவானதற்கான பிரமாண் எண் அதில் இருந்தது. அலுவலர் அந்தச் சான்றை ஜீவன் பிரமாண் தளத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஓய்வூதியரின் பேரன் உதவினான். `jeevanpramaan.gov.in` தளத்தில் பிரமாண் எண்ணைப் போட்டுச் சான்றை இறக்கிக் கொடுத்தான். டீச்சர் பெயர் சரி, பி.பி.ஓ. எண் சரி. பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்துக்கு வந்ததும் அலுவலர் விரலை வைத்தார். அங்கே வங்கியின் பெயர் இருந்தது.

"இங்கதாம்மா போயிருக்கு. உங்க சர்டிபிகேட் எங்களுக்கு வரவே இல்ல, பேங்குக்குப் போயிடுச்சு."

ஜூனில் சான்று எடுத்த சேவை மையத்தில் நடந்தது டீச்சருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. படிவம் நிரப்பிய பையன், "பென்ஷன் எந்த பேங்க்ல வருது மேடம்?" என்று கேட்டான். இவர் வங்கியின் பெயரைச் சொன்னார். கேள்விக்குப் பதில் சரிதான், கேள்விதான் தப்பு.

அலுவலர் பி.பி.ஓ. புத்தகத்தில் இருந்த புகைப்படத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் பார்த்தார், ஆவணங்களைச் சரிபார்த்தார், நேர்காணலை அங்கேயே பதிவு செய்தார். டீச்சர் விடவில்லை. பதிவானதைத் திரையில் தன் கண்ணால் பார்த்து, தேதியைப் பி.பி.ஓ. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அப்ப அந்த மோசடிக்காரன் சொன்னது உண்மைதானே? அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?

தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. குருட்டாம்போக்கில் எறிந்த கல் அது. நூறு பேரிடம் "உங்க சர்டிபிகேட் ஏறலை" என்று சொன்னால் சிலருக்கு அது நிஜமாகவே இருக்கும், இன்னும் பலருக்குச் சந்தேகமாவது வரும். ஓய்வு தேதி கையில் இருந்தால் யாருக்கு எந்த மாதம் நேர்காணல் என்று கணக்குப் போடுவதும் கஷ்டமில்லை.

"ஃப்ராடு கால், விடுங்க" என்று வீட்டிலேயே முடித்திருந்தால் டீச்சருக்குச் சில வாரம் கழித்து நிஜமாகவே பென்ஷன் நின்றிருக்கும். அந்த நேரத்தில் அதே ஆள் மறுபடி கூப்பிட்டு "நான்தான் சொன்னேனே மேடம்" என்றிருந்தால்? இதை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் உதறுகிறது. பொய்ப் போனைத் துண்டித்ததோடு வேலை முடிந்துவிடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பிரமாண் ஐ.டி. மெசேஜ் வந்தாலே முடிஞ்சிதுன்னுதானே நினைச்சோம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. ஆதார் வழியாகக் கைரேகை, கருவிழி அல்லது முகத்தைச் சரிபார்த்து, இந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று மின்னணுச் சான்று உருவாக்கும். அது உருவானதற்கு அடையாளம்தான் பிரமாண் எண். உருவான சான்று சரியான அலுவலகத்துக்குப் போனதா, அவர்கள் ஏற்றார்களா என்பது அடுத்த கட்டம். தபாலில் போட்டதற்கு ரசீது வாங்கிவிட்டோம், முகவரி தப்பாக எழுதியிருந்தால் ரசீது என்ன செய்யும்?

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டியது இது. பென்ஷனை அனுமதித்து ஆணை தருவது பெரும்பாலும் மாநிலக் கணக்காயர் அலுவலகம். மாதாமாதம் வழங்குவது கருவூலம், சென்னையில் உள்ளவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். வங்கி என்பது பணம் வந்து விழும் இடம் மட்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் பலருக்கு வங்கியே வழங்கும் அமைப்பாக இருப்பதால், மையத்தில் இருப்பவர்கள் கை பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

மையத்தில் செய்தாலும் வீட்டில் முக அடையாளச் செயலியில் செய்தாலும், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு இடங்களை நீங்களே படித்துப் பாருங்கள்: பி.பி.ஓ. எண், பென்ஷன் வழங்கும் அமைப்பு. எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் இதே கதிதான். அடுத்த பத்து நாளில் கருவூலத்தில் பதிவு ஏறியதா என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு எந்த மாசம் நேர்காணல்? முன்னாடி ஏப்ரல் டு ஜூன்னு சொல்வாங்களே.

அது பழைய முறை. இப்போது நீங்கள் ஓய்வு பெற்ற மாதம்தான் உங்கள் நேர்காணல் மாதம். அதில் தவறினால் அடுத்த மாதம் சலுகையாகக் கிடைக்கிறது. டீச்சருக்கு ஓய்வு தேதி ஜூன் 30, அதனால் ஜூலையில் போனபோதும் காலம் இருந்தது. "இன்று ஐந்து மணி" என்பது அவன் கட்டிய கதை.

ஆசிரியர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயது வந்தவர்கள் மறுநியமனத்தில் மே மாதம் வரை பள்ளிக்குப் போயிருப்பார்கள். பிரிவுபசார விழா மே மாதம் நடந்ததால் அதையே ஓய்வு மாதம் என்று நினைவில் வைத்திருப்பார்கள். விழாவை விட்டுவிட்டு, பி.பி.ஓ.வில் அச்சாகியிருக்கும் தேதியைப் பாருங்கள்.

ஒருவேளை நிஜமாவே நின்னுபோச்சுன்னா அந்தப் பணம் அவ்வளவுதானா?

இல்லை. நேர்காணல் வராததால் நிற்பது நிறுத்திவைப்பு, ரத்து அல்ல. நேர்காணல் முடித்ததும் பென்ஷன் திரும்பத் தொடங்கும், நின்ற மாதங்களின் தொகையும் நிலுவையாக வரும். இந்த மாதப் பட்டியல் போய்விட்டால் அடுத்த பட்டியலில்தான் சேரும் என்பதால் கொஞ்சம் காத்திருக்க நேரும், அவ்வளவே.

இது ஒன்று தெரிந்திருந்தாலே அந்தப் போனின் பாதி பலம் போய்விடும். டீச்சரே சொன்னார், "நின்னாலும் திரும்ப வரும்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா கண்ணாடியைக்கூடத் தேடியிருக்க மாட்டேன்."

படுத்த படுக்கையா இருக்கிற அப்பாவை எப்படி சார் கூட்டிட்டுப் போறது?

கூட்டிப்போக வேண்டாம். அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து ஜீவன் பிரமாண் எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். விரல் ரேகை தேய்ந்து கருவி ஏற்காவிட்டால் முக அடையாள முறையைக் கேளுங்கள், 2021 முதல் அது இருக்கிறது. வாழ்வுச் சான்றுப் படிவத்தில் உரிய அலுவலரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பும் பழைய வழியும் உண்டு. யார் கையெழுத்துப் போடலாம் என்பது படிவத்திலேயே அச்சாகியிருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர் தபால்காரர்தானா என்ற சந்தேகம் வேண்டாம் என்றால், நீங்களே தபால் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். தானாக வந்து கதவைத் தட்டுகிறவரிடம் கைரேகை வைக்கக் கூடாது.

நான் ஓ.டி.பி. சொல்லிட்டேன் சார். பணமும் போயிடுச்சு. இப்ப என்ன பண்றது?

இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கச் சொல்லும் ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் மிகவும் முக்கியம். வெளியே தெரிந்தால் வெட்கம் என்று பலர் மகனிடம்கூடச் சொல்லாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு மறுநாள் வருகிறார்கள். அதற்குள் பணம் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

1930-ல் பேசியதும் வங்கியிலும் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். `cybercrime.gov.in` தளத்திலும் பதிய வேண்டும். வங்கிக்குச் சொன்ன நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தால் புகார் செய்யும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. புகார் பதிந்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. நீங்கள் எதையும் சொல்லாமலே, வங்கியின் மேலும் தவறு இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது.

பணத்தைத் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று அடுத்த வாரம் ஒருவன் கூப்பிடுவான். ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறுகிறது. அவனும் அதே ரகம்தான்.

எனக்குப் பணம் எதுவும் போகல, போன் மட்டும்தான் வந்துச்சு. இதுக்கும் புகார் கொடுக்கணுமா?

கொடுத்தால் நல்லது. `sancharsaathi.gov.in` தளத்தில் சக்ஷு என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. வந்த எண், தேதி, நேரம், என்ன சொன்னான் என்று சுருக்கமாகப் பதியலாம், ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இணைக்கலாம். அந்த எண்ணைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று சிலர் துடிக்கிறார்கள். வேண்டாம், எடுத்துப் பேசுகிற ஆள் என்று குறித்துவைத்துக்கொள்வான்.

மத்திய அரசுப் பென்ஷன் வாங்கறவங்களுக்கும் இதே மாதமா?

இல்லை. அவர்களுக்கு நவம்பர் 1 முதல் 30 வரை. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அந்த இரண்டு மாதங்களில் மோசடிப் போன்களும் அதிகமாகின்றன. அவர்களில் வங்கி வழியாக வாங்குகிறவர்களுக்கு வழங்கும் அமைப்பு வங்கியே, ஆகவே நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் கணக்கு இருக்கும் கிளை.

டீச்சர் அந்த சேவை மையத்துப் பையனை ஒண்ணும் கேக்கலையா?

கேட்டார். சண்டைக்குப் போகவில்லை. தவறாகப் போன சான்றின் அச்சுப் பிரதியை எடுத்துப்போய், வழங்கும் அமைப்பு என்ற வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்து, "கருவூலத்துல வாங்கறவங்களான்னு முதல்ல கேளுப்பா, அப்புறம் பேங்க் பேரைக் கேளு" என்றாராம். அவன் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறான். போன வாரம் எங்கள் உறுப்பினர் ஒருவர் போனபோது அவன் முதலில் கேட்டது கருவூலமா என்றுதான்.